தொங்கும் கயிற்றில் அலை சீக்கிரமே மேலே போய்விடுகிறது: எங்கே பிசகு?

கொழிஞ்சாம்பாறைப் பக்கம் ஒரு பள்ளியில் +1 மாணவர்களுக்கான செய்முறை. மொட்டை மாடியிலிருந்து 9.8 மீட்டர் தேங்காய்நார்க் கயிறு தொங்குகிறது, விரல் பருமன். கீழ்முனையில் எதுவும் கட்டவில்லை.

எந்த இடத்திலும் இழுவிசை அதற்குக் கீழே தொங்கும் கயிற்றின் எடைதான். அதனால் கீழ்முனையிலிருந்து y உயரத்தில் வேகம் v = √(gy). முழு நீளத்தையும் ஏற 2√(L/g), அதாவது 2 வினாடி. கயிற்றின் தடிமன் கணக்கில் வருவதே இல்லை. கீழ்க் கால்பகுதிக்கே 1 வினாடி, மீதி முக்கால் பகுதிக்கு 1 வினாடி.

முனைக்கு 10 செ.மீ. மேலே குச்சியால் தட்டுகிறோம். அந்த 10 செ.மீ. மட்டுமே 0.2 வினாடி என்பதால் 1.8 வரவேண்டும். வருவது 1.6. போன் ஸ்லோமோஷனில் (240 பிரேம்) பார்த்தால் மேல் முக்கால் பகுதி சரியாக 1 வினாடி. குறைவது முழுக்கக் கீழே.

முனையில் இருந்த இரும்பு வளையத்தைக் கழற்றிவிட்டோம். அது இருந்தால் கீழேயும் இழுவிசை ஏறி நேரம் இன்னும் குறையும். மெதுவாகத் தட்டியும் மாற்றமில்லை. இழுவிசை சுழியை நெருங்கும் இடத்தில் நாரின் விறைப்பே அலையைத் தள்ளுகிறது என்று சந்தேகம்.

இந்த விறைப்பைத் தனியாக அளந்து, கீழே எத்தனை செ.மீ. விட்டு நேரத்தை எண்ணத் தொடங்கலாம் என்று எப்படி முடிவு செய்வது?