"லைன் மாறிப்போச்சு" என்பதற்கு ஒரு சொல்

தமிழ்ச்செல்வி எழுதியது:

வணக்கம். ஒற்றைக் கைப்பிடி வாஷ்பேசின் மிக்ஸருக்கான பொருத்துதல் தாளைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். வெந்நீர் வர வேண்டிய வாயில் பச்சைத்தண்ணியும், பச்சைத்தண்ணி வாயில் வெந்நீரும் மாட்டிவிடும் பிழைக்கு ஒரு பெயர் வேண்டும். பிளம்பர்கள் "லைன் மாறியிருக்கு" என்கிறார்கள். தாளில் நான்கு இடங்களில் வருவதால் ஒவ்வொரு முறையும் முழு வாக்கியமாக எழுத முடியவில்லை. எந்தக் குழாயில் வெந்நீர் வருகிறது என்று சோதிக்கும் பகுதியும் உண்டு. அதில் "இரண்டு குழாயையும் தொட்டுப் பார்க்கவும்" என்று மட்டும்தான் இருக்கிறது. அது போதுமா?

சிவகுமார் எழுதியது:

"குறுக்கிணைப்பு" போதும் அம்மா. இரண்டு கோடு குறுக்கே மாறிவிட்டது, அவ்வளவுதான். சரிசெய்வதும் எளிது. கைப்பிடியைக் கழற்றி, உள்ளே இருக்கும் கார்ட்ரிட்ஜை அரை வட்டம் திருப்பிப் போட்டால் இடம் வலமாகிவிடும். குழாயைத் தொடவே வேண்டாம். ஒரு காணொளியில் பார்த்தேன்.

ராகவன் எழுதியது:

எங்கள் வீட்டிலும் இதே தொல்லை! 15 லிட்டர் கீசர். அரை வாளி நன்றாகச் சுடும், பிறகு வெதுவெதுப்புதான். மூன்று பிளம்பர் பார்த்தாயிற்று. ஒருவர் ஹீட்டிங் காயிலையே மாற்றச் சொன்னார். இதற்கும் அதே சொல்தானா?

மகேந்திரன் எழுதியது:

நான் கோவையில் முப்பது வருஷம் பிளம்பிங் கான்ட்ராக்ட் எடுத்தவன். கலைச்சொல் நீங்கள் பாருங்கள், குழாயை நான் பார்க்கிறேன்.

சிவகுமார் தம்பி, குறுக்கிணைப்பு வேண்டாம். குடிநீர் லைனும் சாக்கடையோ போர் தண்ணியோ சேர்ந்துவிடுகிற ஆபத்துக்குத்தான் எங்கள் தொழிலில் அந்தப் பெயர் உண்டு. இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்தால், தண்ணி கெட்டுப்போன வீட்டில் "வெந்நீர்தானே மாறியிருக்கு" என்று அலட்சியமாக இருந்துவிடுவார்கள்.

கார்ட்ரிட்ஜ் விஷயத்தில் நீங்கள் சொன்னது பாதி சரி. திருப்பிப் போட்டால் இடம்வலம் மாறும், உண்மை. ஆனால் மேலே தூக்கித் திறக்கும் கைப்பிடியாக இருந்தால், திறக்கும் திசையும் சேர்ந்து திரும்பிவிடும். அதன்பிறகு கீழே அமுக்கினால்தான் தண்ணி வரும். அடியில் ஓட்டைகளின் அமைப்பு ஒத்துக்கொள்ளாவிட்டால் கார்ட்ரிட்ஜ் உட்காரவே உட்காராது. அப்படித் திருப்பிப் போடவென்றே செய்த மாடல்கள் உண்டு. நீங்கள் பார்த்த காணொளி அதில் ஒன்றாக இருக்கும். வாஷ்பேசினில் இந்த வம்பே வேண்டாம். அடியில் இரண்டு ஹோஸ்தான் இருக்கும். கீசர் சுவிட்சை அணைத்து, இரண்டு ஆங்கிள் வால்வையும் மூடி, மிக்ஸரைத் திறந்து பிரஷரை விட்டுவிட்டு, ஹோஸை மாற்றி மாட்டினால் தீர்ந்தது. வாஷர் சரியாக உட்கார்ந்ததா பார்த்துக் கையால் முடிந்தவரை இறுக்கி, ஸ்பேனரில் கால் சுற்று போதும். அதற்கு மேல் இறுக்கினால் வாஷர் பிதுங்கும்.

சுவருக்குள் புதைத்த மிக்ஸராக இருந்தால்தான் டைல்ஸை உடைக்க வேண்டுமா என்ற பேச்சு வரும். அந்தப் பேச்சு இந்தத் தாளில் இல்லை, விட்டுவிடலாம்.

ராகவன் சார், உங்களுடையது வேறு பிழை. உங்கள் மிக்ஸரில் இடதுபக்கம்தானே சுடுகிறது? அப்படியானால் மிக்ஸர் சரி. கீசரின் அடியில் நீல வளையம் இருப்பது உள்ளே போகிற வழி, சிவப்பு வெளியே வருகிற வழி. செங்குத்துக் கீசரில் சிவப்புக்குள் ஒரு நீளக் குழாய் உச்சிவரை போகும், ஏனென்றால் சூடான தண்ணி மேலேதான் நிற்கும். இரண்டையும் மாற்றி மாட்டினால் பச்சைத்தண்ணி உச்சியில் விழுந்து சூட்டோடு கலக்கும், அடியில் இருக்கும் தண்ணிதான் வெளியே வரும். அதனால்தான் அரை வாளியோடு சரி. கீசரை அரைமணி ஓட்டிவிட்டு வெந்நீரைத் திறந்து இரண்டு ஹோஸையும் மெல்லத் தொட்டுப் பாருங்கள். நீல வளையத்து ஹோஸ் சுட்டால் இதுதான் காரணம். காயிலை மாற்ற வேண்டாம்.

தமிழ்ச்செல்வி எழுதியது:

மிக்க நன்றி ஐயா. அப்படியானால் தொட்டுப் பார்க்கும் சோதனை போதுமானதுதானா?

மகேந்திரன் எழுதியது:

போதாது அம்மா, அதிலேதான் எல்லாரும் ஏமாறுகிறார்கள். போன மே மாதம் என் மகள் வீட்டில் நடந்தது. மொட்டைமாடித் தொட்டி, மதியம் இரண்டு மணி. வாஷ்பேசினில் வலது ஹோஸ் கை வைக்க முடியாத சூடு, இடது ஹோஸ் சாதாரணம். அங்கே இருந்த பையன் "லைன் மாறியிருக்கு" என்று சொல்லி ஹோஸை மாற்றியே விட்டான். சாயங்காலம் கீசர் போட்டால் வலதுபக்கம் வெந்நீர்! நடந்தது என்ன? வெயிலில் காய்ந்த தொட்டித் தண்ணிதான் பச்சைத்தண்ணி லைனில் சுட்டிருக்கிறது. வெந்நீர் லைனில் ராத்திரியிலிருந்து ஆறிக் கிடந்த தண்ணி. முக்கால் இஞ்ச் சிபிவிசி குழாயில் ஒரு மீட்டருக்குக் கால் லிட்டர் தண்ணி நிற்கும். கீசர் பத்து மீட்டர் தள்ளி இருந்தால் இரண்டரை லிட்டர் வெளியேறிய பிறகுதான் உண்மையான வெந்நீர் வரும். மெல்லிய ஓட்டத்தில் அதற்கு அரை நிமிஷம் ஆகும். அதற்குள் கையை எடுத்துவிடுகிறோம்.

சூட்டை நம்பாமல் ஓட்டத்தை நம்பும் சோதனை ஒன்று உண்டு. கீசர் சுவிட்சை அணையுங்கள். வீட்டில் எல்லா மிக்ஸரையும் மூடுங்கள். கீசருக்குள் தண்ணி போகிற வால்வை மூடுங்கள். இப்போது நம் மிக்ஸரை இடது கோடிக்குத் தள்ளித் திறங்கள். கொஞ்சம் வந்து நின்றுவிட்டால் இடதுதான் வெந்நீர். நிற்காமல் வந்தால் வலது கோடிக்குத் தள்ளிப் பாருங்கள். அங்கே நின்றால் லைன் மாறியிருக்கிறது. நடுவில் வைத்துப் பார்த்தால் ஒன்றும் தெரியாது.

இரண்டு பக்கமும் நிற்காமல் வந்தால்? பெரும்பாலும் வேறு பாத்ரூமில் மிக்ஸரைத் திறந்தபடி விட்டு, நுனியில் ஷவரை மட்டும் அடைத்திருப்பார்கள். அதற்குள் புகுந்து பச்சைத்தண்ணி வெந்நீர் லைனுக்குள் ஏறும். அதனால்தான் எல்லாவற்றையும் மூடச் சொன்னேன்.

யாழினி எழுதியது:

நான் பாரிஸிலிருந்து. இங்கே பழைய குழாய்களில் 'சி' என்று இருந்தால் சூடு, 'எஃப்' என்றால் குளிர்: ஷோ, ஃப்ருவா. ஊரிலிருந்து அம்மா வந்தபோது 'சி' என்றால் கோல்ட் என்று திறந்து கையைச் சுட்டுக்கொண்டா. லைன் மாறவேயில்லை, எழுத்துதான் மாறியது! தாளில் எழுத்தை விட்டு நிறமும் பக்கமும் மட்டும் சொல்லுங்கோ அக்கா. ஆனால் "பச்சைத்தண்ணி" எண்டால் நாங்கள் வேறு நினைப்பம்.

சிவகுமார் எழுதியது:

குறுக்கிணைப்பைத் திரும்பப் பெறுகிறேன். "மாறிணைப்பு" எப்படி? குறுகியது.

தமிழ்ச்செல்வி எழுதியது:

மாறிணைப்பு என்றால் கணக்கில் வரும் 'மாறி'யின் இணைப்பு போலத் தோன்றுகிறது. "இடமாறு இணைப்பு" என்று வைக்கிறேன். இயற்பியலில் இடமாறு தோற்றப்பிழை என்று ஏற்கெனவே படித்த பழக்கம் இருக்கிறது. ராகவன் சார் வீட்டில் நடந்ததும் இடமாறு இணைப்புதான், இடம் மட்டும் கீசர். ஆகவே எப்போதும் "மிக்ஸரில் இடமாறு இணைப்பு", "கீசரில் இடமாறு இணைப்பு" என்று சேர்த்தே எழுத வேண்டும். மகேந்திரன் ஐயா கடைசியில் சொன்ன, ஒரு லைன் இன்னொன்றுக்குள் ஏறுவதைக் "குறுக்கோட்டம்" எனலாம். அங்கே இணைப்பு சரி, ஓட்டம்தான் தவறு.

தண்ணீர் என்ற சொல்லே 'தண்' என்னும் குளிர்ச்சியிலிருந்து வந்தது என்பதால் வெந்நீர், தண்ணீர் என்று எழுத ஆசை. ஆனால் "தண்ணீர்க் குழாய்" என்றால் எந்தக் குழாய் என்று யாருக்குத் தெரியும்?

மகேந்திரன் எழுதியது:

இடமாறு இணைப்பு எழுதுங்கள், சரி. ஆனால் முதல் இடத்தில் மட்டும் பக்கத்திலேயே "லைன் மாறியிருப்பது" என்றும் போடுங்கள். தாளைப் படிக்கப்போவது என் பையன்கள். பச்சைத்தண்ணியை நான் விடமாட்டேன்.

ராகவன் எழுதியது:

நீல வளையத்து ஹோஸ்தான் சுட்டது.