தொட்டிக்குக் கீழ இருந்த ரெண்டு கோட்ட கவனிக்காம விட்டுட்டேன், புது ஸ்வெட்டர் போச்சு

ஊதாப்பூ:
லேபிள் பாக்காம துவைச்சிருந்தா கூட மனசு ஆறிருக்கும், பாத்துட்டுதான் போட்டேன். முழு உல்லன் ஸ்வெட்டர், முதல் தடவை. லேபிள்ல தண்ணித் தொட்டி படம், அதுக்குள்ள 30, கீழ ரெண்டு கோடு. அப்புறம் பெருக்கல் போட்ட முக்கோணம், சதுரத்துக்குள்ள ஒரு வட்டம் அதுமேலயும் பெருக்கல். நான் 30ஐ மட்டும் பிடிச்சுக்கிட்டு, தண்ணி சூட்ட 30ல வெச்சு, எப்பவும் போடற காட்டன் மோட்ல மத்த துணியோட சேத்து ஓட்டிட்டேன். கோடு சும்மா படத்தோட ஒரு பகுதின்னு நினைச்சுட்டேன். எடுத்துப் பாத்தா கை ரெண்டும் நாலு விரக்கடை குட்டை, துணி தடிச்சு அட்டை மாதிரி, பின்னல் கண்ணு கூட தெரியல. சூடு சரியாதான வெச்சேன், அப்புறம் எப்படி?

மாடிக்கொடி:
சதுரத்துக்குள்ள வட்டத்துக்கு பெருக்கல் போட்டிருந்தா மெஷின்லயே போடக்கூடாதுங்க. அந்த வட்டம் மெஷினோட கதவுதான? நான் அப்படி இருக்கறத எல்லாம் கையாலதான் துவைக்கறேன்.

தறிக்காரன்:
மாடிக்கொடி, நிறைய பேர் அப்படித்தான் நினைக்கறாங்க, ஆனா அது துவைக்கறதப் பத்தின படம் இல்ல. சதுரம் வந்தாலே காய வைக்கறதுதான், உள்ள வட்டம் இருந்தா ட்ரையர். பெருக்கல்னா ட்ரையர்ல போடாதன்னு சொல்றாங்க, அவ்வளவுதான். துவைக்கறதுக்கு தொட்டி படம் மட்டும்தான் பேசும். ஊதாப்பூ லேபிள்படி மெஷின்ல போட்டது தப்பே இல்ல.

தப்பு எங்கன்னா அந்த கோட்டுலதான். நம்பர் சூட்டோட மேல் எல்லை, கோடு அசைவப் பத்தினது. கோடே இல்லன்னா சாதாரண ஓட்டம், ஒரு கோடுன்னா கொஞ்சம் மெதுவா, ரெண்டு கோடுன்னா ரொம்ப ரொம்ப மெதுவா, உங்க மெஷின்ல வுல் மோடுன்னு இருக்குமே அதுதான். அதுலயும் டிரம்ம நிறைக்காம, ஸ்பின்ன குறைச்சு போடணும். ஆட்டு ரோமத்துல கண்ணுக்குத் தெரியாத செதில் இருக்கு, ஈரத்துல போட்டு உருட்டி உருட்டி அடிச்சா ஒன்னோட ஒன்னு மாட்டி இறுகிரும். சூடு அத வேகமாக்கும்தான், ஆனா 30லயே அசைவு மட்டும் போதும்.

ராத்திரிக்குயில்:
அப்ப கையால துவைச்சிருந்தா தப்பிச்சிருக்கும், அதானே?

தறிக்காரன்:
எப்படி துவைக்கறீங்கங்கறதப் பொறுத்து. கசக்கி, முறுக்கிப் பிழிஞ்சா கையாலயும் அதே கதிதான். வெதுவெதுப்பான தண்ணில அமுக்கி அமுக்கி எடுத்து, பழைய துண்டுல சுருட்டி ஈரத்த ஒத்தி, படுக்கையா காய வைக்கணும். சில லேபிள்ல சதுரத்துக்குள்ள படுக்கக் கோடு ஒன்னு இருக்கும், அது இதைத்தான் சொல்லுது. கொடில தொங்கவிட்டா ஈர எடையில நீளமா இழுத்துக்கும்.

வெள்ளைச்சட்டை:
என் கதை வேற. முக்கோணம் ப்ளீச்சுன்னு தெரியும், பெருக்கல் இல்ல அதனால போடலாம்னு குளோரின் ப்ளீச்ல ஊற வெச்சேன், உள்ள ரெண்டு சாய்ஞ்ச கோடு இருந்தத கண்டுக்கல. எலாஸ்டேன் கலந்த பனியன் துணி, வெள்ளையாகும்னு பாத்தா மஞ்சளாயிருச்சு. சாய்ஞ்ச கோடு இருந்தா ஆக்ஸிஜன் ப்ளீச் மட்டும்தானாம், அப்புறம்தான் தெரிஞ்சுது.

ஊதாப்பூ:
தலைக்குப் போடற கண்டிஷனர்ல ஊற வெச்சு இழுத்தா சரியாயிரும்னு சொல்றாங்களே, செய்யலாமா?

ராத்திரிக்குயில்:
எனக்கு ஒரு தடவை சரியாச்சு, அரை மணி நேரம் ஊறப் போட்டு ஈரத்தோட இழுத்து விரிச்சு வெச்சேன், பழைய அளவு ஏறக்குறைய வந்துருச்சு.

தறிக்காரன்:
உங்களோடது பின்னல் மட்டும் சுருங்கினதா இருந்திருக்கும். கையில பிடிச்சு இழுத்துப் பாருங்க ஊதாப்பூ, பின்னல் கண்ணு தனித்தனியா திறந்தா முயற்சி பண்ணலாம். கண்ணே தெரியாம அட்டையா இருக்குன்னு சொன்னீங்க, அப்படி இறுகினது பிரியாது.

மாடிக்கொடி:
சரி, தொட்டிமேலயே பெருக்கல் போட்டு, பக்கத்துல வட்டத்துக்குள்ள P இருந்தா? ட்ரை கிளீன்னு தெரியும். நான் பச்சைத் தண்ணில அலசிட்டுதான் இருக்கேன், ஒன்னும் ஆகல.

தறிக்காரன்:
மேல் துணி தாங்கிரும், உள்ள ஒட்டின கேன்வாஸும் லைனிங்கும்தான் பிரியும் இல்ல சுருங்கும். லைனிங் இல்லாத உடுப்புன்னா ரிஸ்க் குறைவு. இருந்தாலும் நான் பண்ண மாட்டேன்.

வெள்ளைச்சட்டை:
நான் பண்ணுவேன், லைனிங் இல்லன்னா.

ஊதாப்பூ:
இழுத்துப் பாத்தேன், தறிக்காரன் சொன்ன மாதிரி எங்கயுமே திறக்கல. இதே மாதிரி இன்னொன்னு துவைக்காம இருக்கு, இப்பதான் அதோட லேபிள எடுத்துப் பாத்தேன், அதுல தொட்டிக்குள்ள கை படம் போட்டிருக்கு. சாயங்காலம் பெரிய பேசின்ல அமுக்கித்தான் எடுக்கப் போறேன்.