அரசு வேலை வேண்டாம் என்று வீட்டில் சொன்ன அந்த ராத்திரி: வேலூர்ப் பக்கத்து அனுபவங்கள்

பேரணாம்பட்டுக்காரன்

2025 தீபாவளிக்கு முந்தின வாரம் நடந்தது. ஒரு மாதமாக மனசை விட்டுப் போகவில்லை, அதனால்தான் எழுதுகிறேன். வீட்டில் எப்படிச் சம்மதம் வாங்குவது என்று யாராவது சொல்லுங்கள்.

குரூப் 4 இரண்டு தடவை எழுதியாகிவிட்டது. இரண்டாவது தடவை மிகக் கொஞ்சத்தில் போனது. இதற்கிடையில் நாலு வருஷமாக ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் தையல் லைன் சூப்பர்வைசர். ஆறு மெஷின் போட்டு, எட்டுப் பேரை வைத்து, ஷூவின் மேல்பாகமான அப்பரைக் கம்பெனிகளுக்குத் தைத்துக் கொடுக்கும் ஜாப் ஒர்க் யூனிட் ஆரம்பிக்கப் போகிறேன் என்று வீட்டில் சொன்னேன்.

அப்பா 27 வருஷம் தோல் ஷாப்பில் வேலை பார்த்தவர். சுண்ணாம்புக் குழியில் தோலைப் புரட்டிப் புரட்டி அவர் கை நகமெல்லாம் பாதிதான் இருக்கும். 1996 ஆகஸ்டில் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு வந்து, சுத்திகரிப்பு ஏற்பாடு இல்லாத ஷாப்புகளை மூடச் சொன்னார்களே, அப்போது அவர் வேலை பார்த்த இடத்திலும் பூட்டுப் போட்டார்கள். பாலாறு கெட்டது அவருக்கும் தெரியும், தீர்ப்பை அவர் குறை சொன்னதே இல்லை. ஆனால் காலையில் தூக்குவாளியோடு போய் கேட்டில் பூட்டைப் பார்த்துவிட்டு நடந்தே திரும்பி வந்ததை நூறு தடவை சொல்லியிருக்கிறார்.

நான் பேசி முடித்ததும் உள்ளே போய் மஞ்சள் பையிலிருந்து பேங்க் பாஸ்புக்கை எடுத்து வந்தார். பி.எஃப். பென்ஷன் விழுந்த வரியில் விரலை வைத்துக் காட்டினார். 1,870 ரூபாய். "இத்தினி வருஷம் சுண்ணாம்புல நின்னதுக்கு இது. பக்கத்து வீட்டு ஹெட்மாஸ்டருக்கு இன்னா வருது தெரியுமா? ஒன்னிய அப்டிப் பாக்கணும்டா."

எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "அவருக்கு வர்ற பென்ஷன் இப்ப சேர்றவனுக்குக் கிடையாதுப்பா. 2003 ஏப்ரல் ஒண்ணாம் தேதியிலேர்ந்து சேர்ந்தவங்களுக்குப் பழைய பென்ஷனே இல்ல" என்றேன். அவருக்கு அது தெரியாது. இருபது வருஷத்துக்கு மேலாக ஒரு தப்பான நம்பிக்கையை வைத்துக்கொண்டு என்னைப் படி படி என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார். பாஸ்புக்கை மூடினார். மஞ்சள் பையை நாலாக மடித்தார். மடித்ததைப் பிரித்து மறுபடி மடித்தார். அந்தக் கையைத்தான் என்னால் மறக்க முடியவில்லை.

அப்புறம் நிமிர்ந்து ஒன்றே ஒன்று கேட்டார். "சரி. மொதல் எட்டு சனிக்கெழமைக்குக் கூலி எங்கேர்ந்து வரும்?"

எனக்குப் பதில் தெரியவில்லை. மெஷினுக்கு நாலு லட்சத்துச் சொச்சம் லோன் என்பதைத் தாண்டி நான் எதையும் யோசிக்கவே இல்லை. அம்மா "வயசு போய்டும், அப்புறம் எந்தப் பரீட்சையும் எழுத முடியாது" என்று அழ ஆரம்பித்துவிட்டார்.

காட்பாடி ரயிலடி

நீங்கள் சொன்னதில் தப்பே இல்லை, இதற்கு ஏன் வருத்தப்பட வேண்டும்? இப்போது அரசு வேலையில் பென்ஷன் என்று ஒன்றும் கிடையாது. மாதாமாதம் பிடிக்கிற பணமும் திரும்பி வராது. குரூப் 4-இல் அடிப்படைச் சம்பளம் 19,500. உங்கள் யூனிட்டில் ஆறே மாதத்தில் அதைத் தாண்டிவிடலாம். என் மாமா பையனும் இப்படித்தான் துணிந்து ஆரம்பித்தான், இப்போது கார் வைத்திருக்கிறான்.

குடியாத்தம் பொண்ணு

வீட்டில் எப்படிச் சம்மதம் வாங்குவது என்றுதானே கேட்கிறீர்கள்? நான் சம்மதமே வாங்கவில்லை, பொய் சொல்லிவிட்டேன்.

ஆரி ஒர்க் செய்கிறேன், கல்யாண பிளவுஸ். குரூப் 2 பிரிலிம்ஸ் அன்று காலையில் ஒரு பிளவுஸ் கொடுக்க வேண்டியிருந்தது. கைப்பக்கத்தில் ஜர்தோசி பாதிதான் முடிந்திருந்தது. அம்மா நாலரை மணிக்கு எழுந்து தயிர் சாதம் கட்டி, ஹால் டிக்கெட்டைப் பிளாஸ்டிக் கவரில் போட்டு, பஸ் ஏற்றிவிட்டார்கள். நான் அடுத்த ஸ்டாப்பிலேயே இறங்கி, தையல் கடையின் பின்கட்டில் உட்கார்ந்து பதினொரு மணிவரை ஊசி போட்டேன். பிளவுஸுக்கு 6,500 ரூபாய் கிடைத்தது. அந்தத் தயிர் சாதத்தை என்னால் சாப்பிட முடியவில்லை, கடையில் இருந்த பையனுக்குக் கொடுத்துவிட்டேன்.

சாயங்காலம் அப்பா தறியிலிருந்து எழுந்து வந்து "எத்தினி கேள்விம்மா வெளுத்த?" என்று கேட்டார். நூற்றி நாற்பது என்றேன். ரிசல்ட் வந்தபோது அவரே என் நம்பரை இரண்டு தடவை தேடினார். இன்னும் அவருக்கு உண்மை தெரியாது. நீங்களாவது முகத்துக்கு நேரே சொன்னீர்கள்.

ராணுவக்காரர் வீடு

நான் அப்பா பக்கத்திலிருந்து எழுதுகிறேன். எங்கள் ஊர் கம்மவான்பேட்டைப் பக்கம், வீட்டுக்கு ஒருவராவது ராணுவத்துக்குப் போகிற பகுதி. என் மகன் எஸ்.ஐ. தேர்வுக்குப் படிப்பதை நிறுத்திவிட்டு டிராக்டர் ஒர்க்‌ஷாப் வைக்கிறேன் என்றான். நான் கோபப்பட்டது ஒர்க்‌ஷாப்புக்காக இல்லை. அவன் எடுத்த எடுப்பில் "வீட்டுப் பத்திரம் வேணும்ப்பா" என்றான். என் தம்பிக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டு நான் அஞ்சு வருஷம் கட்டியவன். அது அவனுக்குத் தெரியும், தெரிந்தே கேட்டான்.

காட்பாடித் தம்பி, மாமா பையன் கார் வாங்கினதைச் சொன்னீர்கள். அவன் வாங்காமல் போயிருந்தால் நீங்கள் இங்கே அதை எழுதியிருக்க மாட்டீர்கள். பேரணாம்பட்டுத் தம்பி, உங்கள் அப்பா கூலியைப் பற்றிக் கேட்டாரே, அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை. கூலிக்காரனாக இருந்தவர் கூலியைத்தான் முதலில் கேட்பார்.

ராணிப்பேட்டை எழுத்தர்

நான் இளநிலை உதவியாளர், எட்டு வருஷ சர்வீஸ். அதற்கு முன்னால் மாமாவின் அப்பர் யூனிட்டில் மூன்று வருஷம் கணக்கு எழுதினேன். யாரும் கேட்காவிட்டாலும் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் காட்பாடிக்கு. பிடிக்கிற பணம் திரும்பி வராது என்பது தப்பு. சம்பளத்திலும் அகவிலைப்படியிலும் 10 சதவீதம் பிடிக்கிறார்கள், அதே அளவு அரசும் போடுகிறது. ஓய்வு பெறும்போது வட்டியோடு மொத்தமாகக் கிடைக்கும். மாதாமாதம் வருகிற பழைய பென்ஷன்தான் இல்லை. அதைத் திரும்பக் கொண்டுவரச் சொல்லி இந்த 2025 வரை போராட்டம் நடந்துகொண்டே இருக்கிறது. பேரணாம்பட்டுத் தம்பி, இந்த மற்றப் பாதியையும் அப்பாவிடம் சொல்லிவிடுங்கள். பாதி உண்மையைச் சொல்லி அவரை வாயடைக்க வைத்ததுதான் உங்களை உறுத்துகிறது என்று நினைக்கிறேன்.

அம்மாவின் வயசுப் பயத்துக்கு டி.என்.பி.எஸ்.சி. அறிவிக்கையையே திறந்து காட்டுங்கள். குரூப் 2-இல் பெரும்பாலான பதவிகளுக்கு பி.சி., எம்.பி.சி., எஸ்.சி., எஸ்.டி. பிரிவினருக்கு மேல் வயது வரம்பு இல்லை. எஸ்.ஐ. தேர்வு அப்படி இல்லை, அங்கே வயது உண்மையிலேயே ஓடுகிறது. ராணுவக்காரர் ஐயா மகன் விஷயமும் உங்கள் விஷயமும் அதனால் ஒன்றல்ல.

இப்போது சனிக்கிழமைக்கு வருகிறேன். எட்டுப் பேருக்குச் சராசரி 500 ரூபாய் என்றால் ஒரு நாளைக்கு 4,000, வாரத்துக்கு 24,000. கம்பெனி பில்லை 60 நாளில்தான் செட்டில் பண்ணும் என்று வைத்துக்கொண்டால், முதல் எட்டுச் சனிக்கிழமைக்கு 1,92,000 ரூபாய் கையில் இருக்க வேண்டும். வாடகை, கரண்ட், நூல், ஊசிக்கு நாளைக்கு ஆயிரம் என்றால் இன்னும் 48,000. ஆக 2,40,000. ஒரு ஜோடிக்கு 70 ரூபாய் வீதம் தினம் 100 ஜோடி தைத்தால் நாளைக்கு 7,000 வரவு, 5,000 செலவு. பேப்பரில் அழகாக லாபம் நிற்கும். மாமா யூனிட்டிலும் அப்படித்தான் நின்றது. அவர் லாபத்தில் இருந்துகொண்டே அத்தை நகையை அடகு வைத்துக் கூலி கொடுத்தார். ஐந்தாவது வாரம் இரண்டு நல்ல தையல்காரர்கள் வேறு யூனிட்டுக்குப் போய்விட்டார்கள். ஆள் போனதும் ஜோடிக் கணக்கு விழுந்தது, தையல் கோணி ரிஜெக்ட் அதிகமானது, பில்லில் பிடித்தம் வந்தது. எல்லாம் அந்த முதல் எட்டு வாரத்தில் தொடங்கியது.

மத்திய அரசு மானியத்தோடு வருகிற பி.எம்.இ.ஜி.பி. லோனுக்கு மாவட்டத் தொழில் மையத்தில் கேளுங்கள். பி.சி., எஸ்.சி., பெண்கள் எல்லாம் சிறப்புப் பிரிவு, சொந்தப் பணம் 5 சதவீதம் போட்டால் போதும். யூனிட் நகராட்சிக்குள் இருந்தால் மானியம் 25 சதவீதம், கிராமத்தில் போட்டால் 35. ஆனால் அந்த மானியம் மூன்று வருஷம் பேங்கில் டெபாசிட்டாகவே கிடக்கும், சனிக்கிழமைக்கு உதவாது. அதனால் திட்ட அறிக்கையில் மெஷின் விலையை மட்டும் எழுதாமல் இந்த 2,40,000-ஐ நடைமுறை மூலதனமாகச் சேர்த்து எழுதுங்கள். இந்த அளவு லோனுக்குச் சிறு தொழிலில் பேங்க் அடமானம் கேட்கக் கூடாது. வீட்டுப் பத்திரத்தைப் பற்றி வீட்டில் பேச்சே எடுக்காதீர்கள்.

சிறு தொழிலுக்கான உத்யம் பதிவு பண்ணிவிட்டு பில் போடுங்கள். எழுத்தில் ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. அதற்கு மேல் நிலுவை வைத்தால், பணத்தைக் கொடுக்கிற வருஷம் வரை அந்தச் செலவை அவர்கள் வருமான வரிக் கணக்கில் கழிக்க முடியாது. அதனால் பெரிய கம்பெனி ஆடிட்டர்கள் இப்போது இதைக் கவனிக்கிறார்கள். ஆனால் ஒரே பார்ட்டியை நம்பி இருக்கிறவர் அந்தச் சட்டத்தைக் காட்டிப் பேச முடியாது, அடுத்த வாரம் தைக்க வேண்டிய கட்டிங் வராது. அதுதான் நடைமுறை.

காட்பாடி ரயிலடி

பிடித்தம் பற்றி நான் எழுதியது தப்புதான், விசாரித்தேன். ஆனால் ஒன்று, இந்த 2025 ஆகஸ்டில் அமெரிக்கா 50 சதவீத வரி போட்ட பிறகு ஆம்பூரில் ஆர்டர் எப்படி இருக்கிறது என்று யாரும் எழுதவில்லையே? கட்டிங்கே வராவிட்டால் எட்டுச் சனிக்கிழமைக் கணக்கு எதற்கு?

பேரணாம்பட்டுக்காரன்

எனக்கு ஜாப் ஒர்க் தரச் சம்மதித்த கம்பெனி பெரும்பாலும் ஐரோப்பாவுக்கு அனுப்புகிறது. ஆனால் அமெரிக்க ஆர்டர் போனவர்கள் எல்லோரும் இப்போது அதே ஐரோப்பியப் பார்ட்டிகளைத்தான் தேடிப் போகிறார்கள், ஜோடி ரேட் குறையும் என்று பேச்சு இருக்கிறது. 70 ரூபாய் 60 ஆனால் நாளைக்கு மிஞ்சுவது 1,000 ரூபாய்தான். மாதம் 25,000, அதில் லோன் தவணை போக என்ன நிற்கும் என்று தெரியவில்லை.

நேற்று அப்பாவிடம் எழுத்தர் அண்ணன் எழுதிய பிடித்தக் கணக்கைச் சொன்னேன். அன்று பாதிதான் சொன்னேன், மன்னிச்சிருப்பா என்றேன். பதில் சொல்லவில்லை. 2,40,000 கணக்கைத் தாளில் எழுதிக் காட்டினேன். மூக்குக் கண்ணாடி போட்டு ரொம்ப நேரம் பார்த்தார். "எட்டு வாரம்னு போட்டிருக்கியே, தீபாவளி போனஸ் எதுல போட்ட?" என்றார்.

அதை நான் போடவில்லை. தாளை அவரிடமே கொடுத்துவிட்டேன். இன்று காலையில் பார்த்தேன், பாஸ்புக்கோடு சேர்த்து மஞ்சள் பைக்குள் வைத்திருக்கிறார்.