மைனஸில் இருக்கிற ரீஃபண்டை இன்னொரு தடவை கழித்தால்: 62,500 ரூபாய் சண்டை

பனியன்_கடை (திருப்பூர்)

ஆன்லைனில் டி-சர்ட் விற்கிறேன். போன மாத நெட் வருமானம் ரிப்போர்ட்டில் 7,15,000 வருகிறது. ஆடிட்டர் 7,77,500 என்கிறார். ரீஃபண்ட் எண்ட்ரி எல்லாம் டேபிளில் மைனஸ் தொகையாகத்தான் இருக்கிறது, மொத்தம் 62,500. ரெண்டு தடவை கழியுதுங்களா? குவெரி இதுதான், மாதம் பிரிக்கிற வரியை மட்டும் இங்கே விட்டுவிட்டேன்:

```sql
SELECT SUM(amount)
     - SUM(CASE WHEN type = 'REFUND'
                THEN ABS(amount) ELSE 0 END) AS net
FROM txn;
```

குறிச்சி_குளம் (கோவை)

ரீஃபண்ட் மைனஸில் இருந்தால் ரெண்டு தடவை கழியவே கழியாதுங்க. மைனஸை மைனஸ் பண்ணினால் பிளஸ். ஆறாம் வகுப்புக் கணக்கு. தொகை கூடத்தான் செய்யும், குறையாது. உங்க ஆடிட்டர் கணக்கைப் பாருங்க.

நொய்யல் (திருப்பூர்)

இதைப் படித்துவிட்டு டீயைக் கீழே வைத்துவிட்டேன். குவெரியில் ABS என்று மூன்று எழுத்து இருக்கிறதே, அது கண்ணில் படவில்லையா? ABS போட்ட அந்த நிமிஷமே மைனஸ் போய்விட்டது. அப்புறம் எங்கே இருந்து வரும் உங்க மைனஸ் மைனஸ் பிளஸ்?

கடைக்காரர் அண்ணா, மூணே மூணு எண்ட்ரி வைத்துக் கையால் போட்டுப் பாருங்க. ஒரு டி-சர்ட் 499. ரெண்டு விற்றீங்க, ஒண்ணு திரும்பி வந்துவிட்டது. டேபிளில் 499, 499, -499 என்று இருக்கும். முதல் SUM மூன்றையும் கூட்டி 499 கொடுக்கும். அதுதான் கையில் நிற்கிற காசு, கணக்கு அங்கேயே முடிந்துவிட்டது. அடுத்த வரியில் உங்க குவெரி அதிலிருந்து இன்னொரு 499-ஐ எடுத்துவிட்டு 0 என்கிறது. ஒரு டி-சர்ட் விற்ற காசு பெட்டியில் கிடக்கிறது, ரிப்போர்ட்டோ இன்னைக்கு வியாபாரமே இல்லை என்கிறது.

குறிச்சி_குளம்

ABS-ஐத் தூக்கிவிட்டால் சரியாகிவிடும் என்று நீங்களே சொல்கிறீர்கள். நான் சொன்னதும் அதேதான். மைனஸ் மைனஸ் பிளஸ்.

நொய்யல்

நான் அப்படி எங்கே சொன்னேன்? மேலே போய் இன்னொரு தடவை படிங்க.

பனியன்_கடை

குறிச்சி அண்ணா சொன்ன மாதிரி ABS-ஐ எடுத்துவிட்டு ஓட்டிப் பார்த்தேனுங்க. இப்போ 8,40,000 வருது. ஆடிட்டரை விட 62,500 கூட.

நொய்யல்

வரத்தான் செய்யும். 7,77,500-இலிருந்து மைனஸ் 62,500-ஐக் கழித்தால் ரீஃபண்ட் கொடுத்த காசெல்லாம் திரும்ப வருமானத்தில் ஏறி உட்கார்ந்துகொள்ளும். ரீஃபண்டே நடக்காத மாதிரி ஒரு மாதம். இதில் ஒன்றைக் கவனியுங்க: ABS இருந்தபோது 62,500 குறைந்தது, எடுத்ததும் அதே 62,500 கூடியது. ரெண்டு பிழையும் ஒரே அளவு, திசைதான் வேறு. வித்தியாசம் ரீஃபண்ட் மொத்தத்துக்கு ரூபாய் பிசகாமல் சமமாக இருந்தால் குறி கோளாறு என்று சந்தேகப்படுங்க. குறைந்திருந்தால் ரெண்டு தடவை கழிந்திருக்கும், கூடியிருந்தால் மைனஸை மைனஸ் பண்ணியிருப்பார்கள். ரீஃபண்டே இல்லாத ஒரு நாளை எடுத்து ஓட்டிப் பாருங்க, ABS உள்ள குவெரியும் இல்லாத குவெரியும் ஒரே தொகை சொல்லும். ரீஃபண்ட் உள்ள நாளில் மட்டும்தான் பிசகும்.

குறிச்சி_குளம்

கூடியது அல்லவா? நான் முதல் பதிவில் என்ன எழுதினேன்? "தொகை கூடத்தான் செய்யும்." கூடியது. நன்றி, வணக்கம்.

நொய்யல்

கேட்டவருக்குக் குறைந்ததுதான் பிரச்சினை. நீங்க அதைக் கூட்டிவிட்டு ஜெயித்தேன் என்கிறீர்கள். இதுதான் கோவைக் குசும்பா?

சென்னிமலை_போர்வை

எங்க கடையிலும் இது நடந்ததுங்க, ஆனால் குவெரி எல்லாம் கிடையாது, எக்ஸெல் ஷீட்தான். ஷீட் போட்டுக் கொடுத்த பையன் ரிட்டர்ன் தொகைக்கு மைனஸ் குறி தெரியாமல் சிவப்பு எழுத்தில் மட்டும் வருகிற மாதிரி வைத்திருந்தான். செல் ஃபார்மட் `#,##0;[Red]#,##0`. ஸ்கிரீனில் பார்க்க அழகாகத்தான் இருக்கும். எங்க பிரிண்டர் கறுப்பு வெள்ளை. தாளில் சிவப்பும் கறுப்பும் ஒன்றுதானே. அப்பா தாளைக் கையில் வைத்துக்கொண்டு கீழே இருந்த மொத்தத்திலிருந்து ரிட்டர்னை எல்லாம் கால்குலேட்டரில் ஒவ்வொன்றாகக் கழித்துவிட்டார். மொத்தத்தில் அது ஏற்கெனவே கழிந்திருந்தது. ஏஜெண்டுக்குக் கமிஷன் குறைந்துபோய், அவர் நோம்பிக்குக்கூட வீட்டுக்கு வரவில்லை.

குறிச்சி_குளம்

அது பிரிண்டர் கோளாறு. இங்கே அதற்கு என்ன வேலை?

நொய்யல்

சம்பந்தம் உண்டு. அவங்க அப்பா செய்ததைத்தான் ABS செய்கிறது. குறியை மறைத்துவிட்டுக் கழிக்கிறது. போர்வைக்காரர் புரிந்துகொண்டார், கணக்கு வாத்தியாருக்குத்தான் இன்னும் புரியவில்லை.

ஈரோட்டுக்_கணக்கு

முப்பது வருஷமாகப் பேரேடு எழுதுகிறேன். தொகையை மைனஸில் எழுதுகிற பழக்கமே எங்களுக்குக் கிடையாது. பற்று ஒரு பக்கம், வரவு ஒரு பக்கம். சரக்கு திரும்பி வந்தால் கிரெடிட் நோட் போடுவோம், அதில் தொகை நேராகத்தான் இருக்கும். எந்தப் பக்கம் எழுதினோம் என்பதுதான் குறி. கம்ப்யூட்டர் தம்பிகள் வந்து ஒரே பத்தியில் மைனஸையும் பிளஸையும் போட்டுக் கலக்கிவிட்டார்கள், இப்போது 62,500-ஐக் காணோம் என்று தேடுகிறார்கள்.

இன்னொன்று. அந்த 499-இல் 5 சதவீத வரி உள்ளே இருக்கிறது. 23.76 ரூபாய் அரசாங்கத்துக்கு, 475.24 தான் உங்க வருமானம். நீங்க நெட் என்று சொல்வது நெட்டே இல்லை.

நொய்யல்

ஐயா, வரி விஷயம் சரி. ஆனால் அதைச் சரி செய்தாலும் ரெண்டு தடவை கழிவது நிற்காது, 499-க்குப் பதில் 475.24 ரெண்டு தடவை கழியும், அவ்வளவுதான். கடைக்காரர் அண்ணா, இந்த ABS-ஐ யார் போட்டது? நல்லவர் கெட்டவர் பார்க்கக் கேட்கவில்லை, காரணம் இல்லாமல் யாரும் போட மாட்டார்கள்.

பனியன்_கடை

முன்னாடி இருந்த பையன் போட்டதுங்க. கடை பில் மெஷினில் ரீஃபண்ட் மைனஸாக வரும், ஏப்ரலில் மாற்றின கேட்வே ஃபைலில் பிளஸாக வரும். ரெண்டுக்கும் ஒத்து வரட்டும் என்று ABS போட்டான். அப்போ முதல் SUM-இல் `type = 'SALE'` என்று இருந்தது. எக்ஸ்சேஞ்ச் ஆரம்பித்தபோது அந்தத் தொகையும் சேரட்டும் என்று வேறு ஒருத்தர் அதை எடுத்துவிட்டார். அதே சமயம் கேட்வே ஃபைலையும் உள்ளே ஏற்றும்போதே மைனஸாக்கிவிட்டார்.

நொய்யல்

இதோ வந்துவிட்டதல்லவா. முதல் பையன் எழுதியது சரியான குவெரி. ரெண்டாவது ஆள் செய்ததும் தனியாகப் பார்த்தால் தப்பில்லை. ஆனால் SALE என்ற வடிகட்டி இருந்தவரைதான் கழித்தல் நியாயம். அதை எடுத்ததும் ரீஃபண்டும் முதல் SUM-க்குள் நுழைந்துவிட்டது, கீழே இருக்கிற கழித்தலை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. இப்போ எல்லாம் மைனஸில் இருப்பதால் `SELECT SUM(amount) FROM txn` ஒன்றே போதும். 7,77,500 வரும். கூடவே டேபிளில் `CHECK (type <> 'REFUND' OR amount <= 0)` போட்டுவிடுங்க, பிளஸ் ரீஃபண்ட் இனி உள்ளே வராது.

கரூர்_ஜன்னல்

எனக்கு அந்த ஒற்றை SUM பிடிக்கவில்லை. விற்பனை எவ்வளவு, திருப்பிக் கொடுத்தது எவ்வளவு என்று கேட்டால் அதில் பதில் கிடையாது. கழித்தலை வைத்துக்கொண்டே முதல் பாதியில் `type <> 'REFUND'` என்று வடிகட்டலாம். எக்ஸ்சேஞ்சும் சேரும், ரீஃபண்டும் ஒரே தடவைதான் கழியும்.

நொய்யல்

கழிக்கலாம், ஆனால் ABS வைத்துக்கொண்டு அல்ல. வாடிக்கையாளர் பேங்க் கணக்கை மூடிவிட்டார், அனுப்பின ரீஃபண்ட் 499 உங்களுக்கே திரும்பி வந்துவிட்டது. அதை REFUND வகையிலேயே பிளஸ் 499 என்று போட்டால் முந்தின மைனஸ் அடிபட்டுப் போகும். உங்க ABS அதையும் இன்னொரு ரீஃபண்ட் என்று நினைத்து 998-ஐக் கழித்துவிடும்.

கரூர்_ஜன்னல்

சரி. உங்க CHECK இருந்தால் அந்தப் பிளஸ் 499 உள்ளேயே வராதே? நீங்களே கதவைப் பூட்டிவிட்டு விருந்தாளி எங்கே என்று கேட்கிறீர்கள்.

நொய்யல்

அதற்குத் தனி வகை வைக்க வேண்டும், `REFUND_REVERSAL` என்று. அது சொல்லாமலே புரியும் என்று விட்டுவிட்டேன்.

கரூர்_ஜன்னல்

ஓ. சொல்லாமலே. பைசா ரவுண்டிங் சண்டையிலும் இப்படித்தான் சொன்னீர்கள்.

நொய்யல்

அந்தப் பைசா விஷயத்தை இங்கே இழுக்காதீங்க. அதில் நான் சொன்னதுதான் சரி என்று இப்போதும் சொல்வேன்.

ஈரோட்டுக்_கணக்கு

தீபாவளிக்கு விற்ற சரக்கு அடுத்த மாதம் திரும்பி வந்தால் எந்த மாதத்தில் கழிப்பீர்கள்? விற்ற மாதத்திலா, வந்த மாதத்திலா? அதை ஒருத்தரும் கேட்கவில்லை. வரியையும் விட்டுவிட்டீர்கள்.

பனியன்_கடை

ஒற்றை SUM ஓட்டினேனுங்க, 7,77,500 வந்துவிட்டது. போன மாதம் சரி. ஆனால் வடிகட்டியை எடுத்தது ஜூனில். அன்றிலிருந்து போன ரிப்போர்ட் அத்தனையும் குறைத்துத்தானே சொல்லியிருக்கும்? கடையில் என் மாமா பங்காளி. அவர் பங்கை இந்த ரிப்போர்ட்டைப் பார்த்துத்தான் கொடுத்தேன். ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வருகிறார்.

நொய்யல்

மாதாமாதம் ரீஃபண்ட் மொத்தத்தைத் தனியாக எடுத்து ஒரு தாளில் எழுதுங்க. ஒவ்வொரு மாதமும் அந்தத் தொகைதான் விட்டுப்போனது. ஜூனை மட்டும் ரெண்டாகப் பிரிக்க வேண்டும், வடிகட்டியை எடுத்த பிறகு ரிப்போர்ட் ஓடியதா, முன்னாடி ஓடியதா என்று பார்க்க வேண்டும்.

குறிச்சி_குளம்

மாமாவுக்குப் பங்கு கூடுகிறதுதானே? கூடத்தான் செய்யும் என்று முதல் பதிவிலேயே எழுதிவிட்டேன்.