ஸ்பேம் புகார் 0.035% என்றால் லிஸ்ட் நன்றாக இருக்கிறதா?

கடிதக்காரன்:
வாரம் ஒரு மெயில், 40,000 பேருக்கு. மெயில் அனுப்பும் சேவையின் டேஷ்போர்டில் இந்த வாரம் அன்சப்ஸ்கிரைப் 120, ஸ்பேம் புகார் 14. அதாவது 0.3%, 0.035%. "ரெண்டுமே கம்மி, சரியான ஆட்களைத்தான் பிடிச்சிருக்கோம், வாரம் ரெண்டா அனுப்பலாம்" என்கிறார் மேலாளர். ஆனால் ஜிமெயில் அனுப்புநர்களுக்குத் தரும் போஸ்ட்மாஸ்டர் டூல்ஸ் ஸ்பேம் விகிதம் 0.4% என்று காட்டுகிறது. எதை நம்புவது?

வளர்ச்சிவேந்தன்:
உங்கள் மேலாளர் சொல்வதுதான் சரி. ஜிமெயில் 0.1 சதவீதத்துக்குக் கீழே வை, 0.3 சதவீதத்தைத் தொடாதே என்கிறது. நீங்கள் 0.035-ல் இருக்கிறீர்கள். போஸ்ட்மாஸ்டர் எண் நாளுக்கு நாள் தாவும், அதைப் பார்த்துப் பயந்தால் தொழில் செய்ய முடியாது. ஆள் தேர்வு சரியா தவறா என்று சொல்வது அன்சப்ஸ்கிரைப் எண்தான். புகாரில் சில, கை தவறி அழுத்துவது.

தபால்காரி:
வேந்தன், அந்த 14 எங்கிருந்து வந்தது என்று முதலில் கேளுங்கள். யார் புகார் செய்தார் என்று யாஹூ அனுப்புநருக்குத் திருப்பிச் சொல்லும். அவுட்லுக், ஹாட்மெயில் புகார்களை மைக்ரோசாஃப்ட் சொல்லும். ஜிமெயில் ஆள்வாரியாக யாரிடமும் சொல்வதில்லை. ஆகவே டேஷ்போர்டில் உள்ள 14 பேரில் ஒருவர்கூட ஜிமெயில்காரர் இல்லை. ஆனால் வகுக்கும்போது மட்டும் ஜிமெயில்காரர்கள் எல்லோரையும் சேர்த்து 40,000-ஆல் வகுத்திருக்கிறார்கள்.

கடிதக்காரன், லிஸ்டில் யாஹூவும் மைக்ரோசாஃப்டும் சேர்த்து எத்தனை முகவரி?

கடிதக்காரன்:
ஜிமெயில் 28,000. யாஹூ, மைக்ரோசாஃப்ட் சேர்த்து 7,000. மீதி 5,000 நிறுவன டொமைன்கள்.

தபால்காரி:
அப்படியானால் 14-ஐ 7,000-ஆல் வகுக்க வேண்டும். 0.2% வருகிறது. டேஷ்போர்டு காட்டுவதைப் போல ஏறக்குறைய ஆறு மடங்கு. ஜிமெயிலின் 0.4% இப்போது அவ்வளவு விசித்திரமாகத் தெரியாது.

ஜிமெயில் எண்ணிலும் ஒரு நுணுக்கம் உண்டு. அனுப்பிய அத்தனை மெயிலையும் அது வகுக்க எடுப்பதில்லை. மெயிலை உண்மையில் பயன்படுத்துகிற ஆட்களின் இன்பாக்ஸுக்குள் போனதை மட்டும் எடுக்கும். ஸ்பேம் பெட்டியில் விழுந்த மெயிலுக்கு யாரும் புகார் செய்யப்போவதில்லை. அதனால் அடுத்த மாதம் அந்த எண் 0.05-க்கு இறங்கினால் உடனே சந்தோஷப்படாதீர்கள். ஜிமெயில் முகவரிகளில் கிளிக் எண்ணிக்கையும் அதே நேரத்தில் சரிந்திருக்கிறதா என்று பாருங்கள். சரிந்திருந்தால் புகார் குறையவில்லை, மெயில் ஸ்பேமுக்குப் போய்விட்டது என்று அர்த்தம்.

செங்காந்தள்:
எங்களுக்கும் இதே தலைவலி! பெரிய நிறுவனங்களுக்கு அனுப்புகிறோம். மெயில் போய்ச் சேர்ந்த இரண்டே நொடியில் ஒரே நிறுவனத்தில் முப்பது பேர் அன்சப்ஸ்கிரைப். மனுஷன் இவ்வளவு வேகமாக அழுத்துவானா? லிஸ்டே கெட்டுப்போச்சு என்று மேலே சொல்லிவிட்டார்கள்.

தபால்காரி:
செங்காந்தள், அது மனுஷர் வேலை இல்லை. அந்த நிறுவனத்தின் பாதுகாப்பு மென்பொருள் மெயிலில் உள்ள ஒவ்வொரு லிங்கையும் திறந்து சோதிக்கிறது. உங்கள் லிங்க் திறந்த மாத்திரத்தில் பெயரை நீக்கிவிடுகிறது, அவ்வளவுதான். மெயிலுக்குள் இருக்கும் லிங்க் ஒரு பக்கத்தைத் திறக்கட்டும், அங்கே ஒரு பட்டனை அழுத்தினால் மட்டும் நீக்குங்கள். ஒரே அழுத்தில் விலகும் வசதி மெயிலின் ஹெட்டரில் இருக்க வேண்டும்:

```
List-Unsubscribe: <https://example.com/u/ab12>
List-Unsubscribe-Post: List-Unsubscribe=One-Click
```

ஆள் விலகல் பட்டனை அழுத்தினால் மெயில் நிறுவனம் இந்த முகவரிக்கு POST என்ற கோரிக்கையை அனுப்பும். லிங்க் சோதிக்கும் மென்பொருள் வெறுமனே திறந்து பார்க்கும், POST அனுப்பாது. 2017-ல் வந்த RFC 8058 என்ற இணையத் தரநிலை இந்தக் காரணத்துக்காகவே அப்படி வைத்தது. ஜிமெயிலுக்கு ஒரு நாளில் 5,000-க்கு மேல் மெயில் அனுப்புபவர்களின் விளம்பர மெயிலுக்கு 2024 முதல் இது கட்டாயம், கடிதக்காரனுக்கும் சேர்த்துத்தான். ஆனால் அவர் கேட்டது வேறு.

வளர்ச்சிவேந்தன்:
சரி, 0.2 என்றே வைத்துக்கொள்வோம். அதிலிருந்து ஆள் தேர்வு தவறு என்று எப்படித் தாவுகிறீர்கள்? சப்ஜெக்ட் லைன் எரிச்சலூட்டியிருக்கலாம். ஒரு மோசமான மெயில் போதும் புகார் ஏற.

தபால்காரி:
மொத்த எண்ணை வைத்துக்கொண்டு அதைச் சொல்ல முடியாது, ஒப்புக்கொள்கிறேன். எந்த வழியாக லிஸ்டுக்குள் வந்தார்கள் என்று பிரித்துப் பார்த்தால் தெரியும். எல்லோருக்கும் போனது ஒரே மெயில், ஒரே சப்ஜெக்ட் லைன். குற்றம் மெயிலில் இருந்தால் எல்லாப் பக்கமும் சேர்ந்து ஏறியிருக்கும். கடிதக்காரன், வந்த வழி பதிவாகியிருக்கிறதா?

கடிதக்காரன்:
இருக்கிறது. எடுத்துப் பார்த்தேன்.

தளத்தில் தாமாகப் பதிந்தவர்கள் 26,000: விலகியவர் 39, புகார் 2.
வழிகாட்டிக் கையேடு டவுன்லோடு செய்தவர்கள் 8,000: விலகியவர் 36, புகார் 3.
வேறு மூன்று நிறுவனங்களோடு சேர்ந்து நடத்திய பரிசுப்போட்டி வழியாக வந்தவர்கள் 6,000: விலகியவர் 45, புகார் 9.

இந்த மூன்று கூட்டத்திலும் யாஹூ, மைக்ரோசாஃப்ட் சேர்த்து முகவரிகள் முறையே 4,550, 1,400, 1,050.

தபால்காரி:
இப்போது பாருங்கள். யாஹூ, மைக்ரோசாஃப்ட் முகவரிகளால் வகுத்தால் தாமாக வந்தவர்களிடம் புகார் 0.04%. போட்டி வழியாக வந்தவர்களிடம் 0.86%. ஒரே மெயில், இருபது மடங்கு வித்தியாசம்.

கையேடு கூட்டம்தான் எனக்குச் சுவாரசியம். அவர்கள் விலகும் விகிதம் 0.45%, தாமாக வந்தவர்களைப்போல மூன்று மடங்கு. புகாரோ 0.21%, உங்கள் சராசரியில்தான் நிற்கிறது. உங்களை அவர்களுக்குத் தெரியும். கேட்டது கையேடு, அது கிடைத்துவிட்டது, வார மெயில் தேவையில்லை, எனவே பெரும்பாலும் மரியாதையாக விலகிப்போகிறார்கள். போட்டிக்காரர்களுக்கு நீங்கள் யார் என்றே தெரியாது. தெரியாதவர் அனுப்பிய மெயிலில் இருக்கும் லிங்கை அழுத்த யாருக்கும் பயம்தான். ஸ்பேம் பட்டன் கைக்குப் பக்கத்தில் இருக்கிறது. "போதும்" என்று சொல்பவர் விலகுவார், "நீ யார்?" என்று கேட்பவர் புகார் செய்வார். இரண்டையும் கூட்டி ஒரே "இழப்பு" என்று அறிக்கையில் எழுதினால் இந்த வித்தியாசம் அப்படியே மறைந்துபோகும்.

சந்தேகி:
இரண்டு புகார், மூன்று புகார், ஒன்பது புகார். இதை வைத்து இத்தனை கதையா? அடுத்த வாரம் தலைகீழாக வந்தால்?

தபால்காரி:
நியாயமான கேள்வி. எல்லோரும் ஒரே மாதிரி புகார் செய்பவர்கள் என்றால் 14 புகாரில் தாமாக வந்தவர்களுக்கு 9, கையேட்டுக்கு 3, போட்டிக்கு 2 என்றுதான் ஏறக்குறைய வந்திருக்கும். வந்தது 2, 3, 9. இரண்டு வரவேண்டிய இடத்தில் ஒன்பது வருவது தற்செயலாக லேசில் நடக்காது. ஆனால் 0.86 என்ற எண்ணை மட்டும் பிடித்துக்கொள்ள வேண்டாம், அது பாதியாகவும் இருக்கலாம். நான்கு வார மெயில்களைச் சேர்த்துக் கணக்கிடுங்கள்.

ஜிமெயில் பக்கத்தையும் பிரித்துப் பார்க்க ஒரு வழி உண்டு. ஒவ்வொரு வழிக்கும் ஹெட்டரில் தனி அடையாளம் வைத்து அனுப்புங்கள்:

```
Feedback-ID: giveaway:weekly:news:sendr01
```

ஆளைச் சொல்லாவிட்டாலும், எந்த அடையாளத்தில் புகார் குவிகிறது என்று போஸ்ட்மாஸ்டர் காட்டும். எண்ணிக்கை போதுமான அளவு இருந்தால்தான் காட்டும்.

வளர்ச்சிவேந்தன்:
போட்டிக்காரர்களில் வாங்கியவர்களும் இருப்பார்களே? 6,000 பேரையும் தூக்கிப்போடச் சொல்வீர்கள்போல.

தபால்காரி:
தூக்கிப்போடச் சொல்லவில்லை. இதுவரை அனுப்பிய மெயில்களில் ஒரு தடவையாவது கிளிக் செய்தவர்களுக்குத் தொடருங்கள். மற்றவர்களுக்கு நிறுத்துங்கள். "திறந்தார்" என்பதை ஆதாரமாக எடுக்க வேண்டாம், 2021-க்குப் பிறகு ஆப்பிள் மெயில் படங்களைத் தானே முன்கூட்டி இறக்கிவிடுவதால் திறக்காதவரும் திறந்தவராகத் தெரிவார். "இன்னும் வேண்டுமா?" என்று எல்லாருக்கும் ஒரு மெயில் அனுப்பும் ஆசையும் வேண்டாம். உங்களைத் தெரியாதவருக்குப் போகும் இன்னொரு மெயில்தான் அதுவும், புகாரும் அப்படியே வரும்.

வளர்ச்சிவேந்தன்:
இங்கேதான் எனக்கு உடன்பாடில்லை. நீங்களே சொன்னது, "நீ யார்?" என்று கேட்கிறார்கள் என்று. அப்படியானால் ஆள் தேர்வில் தப்பில்லை, அறிமுகத்தில்தான் தப்பு. போட்டி முடிந்த அன்றே "நீங்கள் கலந்துகொண்ட போட்டியை நடத்திய நால்வரில் ஒருவர் நாங்கள்" என்று ஒரு மெயில் போயிருந்தால் பாதிப் புகார் வந்திருக்காது. ஆளைக் குறை சொல்லி நல்ல வாடிக்கையாளர்களை இழக்கிறோம்.

தபால்காரி:
இருக்கலாம். சேர்ந்த நாளை வைத்து ஓரளவு பிரிக்கலாம். முதல் இரண்டு மூன்று மெயிலிலேயே புகார் குவிந்தால் வந்த வழியோ அறிமுகமோ காரணம். மாதங்கள் கழித்து ஏறினால் அனுப்பும் அளவோ உள்ளடக்கமோ காரணம்.

கடிதக்காரன்:
அது இங்கே உதவாது. போட்டி நடந்தே நான்கு வாரம்தான் ஆகிறது, அந்த 6,000 பேரும் புதியவர்கள். பழைய போட்டிக்காரர்கள் யாரும் லிஸ்டில் இல்லை.

சந்தேகி:
இதைத்தான் நானும் சொல்ல வந்தேன். புதியவர்கள் என்பதாலா, போட்டிக்காரர்கள் என்பதாலா என்று இந்தக் கணக்கு சொல்லாது. கடந்த நான்கு வாரத்தில் தாமாகப் பதிந்தவர்களை மட்டும் எடுத்து இவர்களோடு ஒப்பிடுங்கள்.

தபால்காரி:
சரியான ஒப்பீடு. 26,000 பேரில் பெரும்பாலோர் பழையவர்கள், கோபக்காரர்கள் எப்போதோ விலகிவிட்டார்கள், மிச்சமிருப்பவர்கள் சாந்தமாகத்தான் இருப்பார்கள். இருபது மடங்கில் ஒரு பகுதி அதனால் வந்திருக்கலாம்.

கடிதக்காரன்:
அப்படிப் பார்த்தால் தாமாகப் பதிந்தவர்களில் புதியவர்கள் 900 பேர். அவர்களில் யாஹூ, மைக்ரோசாஃப்ட் 160. புகார் பூஜ்யம். விலகியவர் 3.

சந்தேகி:
160 பேரில் பூஜ்யம் வந்தால் எதுவும் சொல்ல முடியாது. போட்டிக்காரர்களின் விகிதமே இவர்களுக்கும் இருந்திருந்தால்கூட ஒன்றோ இரண்டோதான் வந்திருக்கும்.

வளர்ச்சிவேந்தன்:
விலகல் 3 என்றால் 0.33%. போட்டிக்கு 0.75%. இதிலாவது வித்தியாசம் தெரிகிறது, நான் முதலிலேயே அன்சப்ஸ்கிரைப்பைப் பாருங்கள் என்றேன்.

தபால்காரி:
மூன்று ஆட்களை வைத்து வெற்றி கொண்டாடுகிறீர்கள், வேந்தன். கடிதக்காரன், அடுத்த மெயிலைப் போட்டிக்காரர்களில் கிளிக் செய்யாதவர்களை விட்டுவிட்டு அனுப்புங்கள். ஜிமெயில் 0.4 எவ்வளவு இறங்குகிறது, கிளிக் எண்ணிக்கை அப்படியே நிற்கிறதா, இரண்டையும் இங்கே போடுங்கள். வாரம் இரண்டு மெயில் என்ற பேச்சை அதுவரை மேலாளரிடம் தள்ளிப்போடுங்கள்.

கடிதக்காரன்:
செய்கிறேன். அடுத்த போட்டிக்கு இன்னும் ஆறு வாரம் இருக்கிறது. பதிவுப் படிவத்தில் எங்கள் பெயருக்குத் தனி டிக் பாக்ஸ், முன்கூட்டி டிக் போடாமல் வைக்கலாம் என்றால் மற்ற மூன்று நிறுவனங்களும் ஒப்புக்கொள்ள வேண்டும். 6,000-க்குப் பதில் 1,500 பேர்தான் வருவார்கள் என்று இப்போதே முணுமுணுக்கிறார்கள்.