குரு மகரத்தில், செவ்வாய் கடகத்தில்: நீசபங்கம் உண்டா இல்லையா?

மேஷலக்னம்: 2009 நவம்பர் முதல் வாரம், மாலையில் பிறந்த பையன். மேஷ லக்னம், மிதுன ராசி, புனர்பூசம். குரு மகரத்தில் 24 பாகை, செவ்வாய் கடகம், சனி கன்னி. சூரியன், புதன், சுக்கிரன் துலாம். ஒரு ஆப் குருவுக்கு "நீசபங்க ராஜயோகம்" என்கிறது, இன்னொன்று வெறும் "நீசம்" என்கிறது. எதை நம்புவது?

புதுசிஷ்யன்: பங்கம் உண்டு சார். குரு உச்சமாகும் கடகத்துக்கு அதிபதி சந்திரன். சந்திரனுக்கு சந்திரன் ஒன்றில், அதாவது கேந்திரத்தில் இருக்கிறாரே.

கட்டம்பார்ப்பவர்: தம்பி, அப்படி எண்ணினால் குரு நீசமான எல்லார் ஜாதகத்திலும் பங்கம் வந்துவிடும். சந்திரனை லக்னத்திலிருந்துதான் எண்ண வேண்டும். இங்கே அவர் மூன்றில் இருக்கிறார், உதவாது.

அடுத்து சனி. குரு நிற்கும் வீட்டுக்காரர். மேஷத்திலிருந்து ஆறில் மறைகிறார். ஆனால் மிதுனத்திலிருந்து எண்ணிப் பாருங்கள்: மிதுனம், கடகம், சிம்மம், கன்னி. நான்காம் இடம், கேந்திரம். பங்கம் இதனால்தான். லக்னத்தை மட்டும் பார்க்கும் ஆப் இதைத் தவறவிடும்.

மகரத்தில் உச்சமாகும் செவ்வாயும் லக்னத்துக்கு நான்கில் நின்று குருவைப் பார்க்கிறார். விதிப்படி அதுவும் பங்கமே. ஆனால் அவரே நீசம். கடன்காரன் கடன்காரனுக்கு ஜாமீன் போட்ட கதைதான். அதை நான் அரை மார்க்குக்கு மேல் எடுக்க மாட்டேன்.

நவாம்சம் கைகொடுக்கவில்லை. மகரத்தில் 20 பாகை முதல் 23 பாகை 20 கலை வரை இருந்தால் குரு நவாம்சத்தில் கடகம் ஏறி உச்சமாவார். 24 என்பதால் சிம்மத்துக்குப் போய்விட்டார்.

கன்னிப்பெண்: எனக்குக் கன்னி லக்னம், லக்னத்திலேயே சுக்கிரன் நீசம், கூடவே புதன். எனக்கும் உண்டா?

கட்டம்பார்ப்பவர்: அம்மா, வீட்டுக்காரர் புதன் உச்சமாகிக் கூடவே நிற்கிறார், நல்ல பங்கம். சூரியன் எத்தனை பாகையில் என்று சொல்லுங்கள். பக்கத்தில் வந்து இருவரும் அஸ்தங்கமானால் பேச்சே வேறு.

பழையபஞ்சாங்கம்: சந்திரனிலிருந்து மட்டும் கிடைக்கும் கேந்திரத்தை நான் ஏற்க மாட்டேன். லக்னத்துக்கு ஆறில் இருக்கும் சனி கொடுக்கும் பங்கம் நீசத்தைத் தணிக்கும், ராஜயோகம் தராது.

கட்டம்பார்ப்பவர்: ராஜயோகம் என்று நானும் சொல்லவில்லை ஐயா. ஆனால் பங்கமே இல்லை என்பதை ஒப்புக்கொள்ள முடியாது. அதே துலாத்தில் சூரியனைப் பாருங்கள். அவரும் நீசம்தான், ஆனால் சுக்கிரன் ஆட்சியாக ஏழில், லக்னத்துக்கே கேந்திரத்தில் கூட நிற்கிறார். அங்கே நீங்களும் சண்டைக்கு வர மாட்டீர்கள்.

மேஷலக்னம்: இது எப்போது தெரியும்?

கட்டம்பார்ப்பவர்: புனர்பூசம் என்பதால் பிறந்ததே குரு தசையில். அது படிக்கிற வயதிலேயே முடிந்துவிட்டது. அடுத்தது சனி தசை, 19 வருஷம். பங்கம் கொடுத்தவரே தசாநாதர். அதில் குரு புக்தி கடைசியாக வரும். ஆறாமிடத்துச் சனி என்பதால் போட்டி, கடன், உடம்பு எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பிறந்த நிமிஷம் சரிதானா? லக்னம் ரிஷபம் ஆகிவிட்டால் செவ்வாய் மூன்றுக்குப் போய்விடுவார், சூரியன்-சுக்கிரன் ஆறுக்குப் போய்விடுவார்கள்.

மேஷலக்னம்: ஆஸ்பத்திரிச் சீட்டைத் தேடிப் பார்த்துவிட்டு நேரத்தைப் போடுகிறேன்.