[கலைச்சொல்] மயிரிழை விரிசலுக்கு மாற்று, வெள்ளிக்குள் வேண்டும்

அமுதா எழுதியது:

குழு அன்பர்களுக்கு வணக்கம். பாலிடெக்னிக் கட்டுமானப் பாடநூலைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. 'ஹேர்லைன் கிராக்' என்பதற்குப் பழைய பதிப்பில் 'மயிரிழை விரிசல்' என்று இருக்கிறது. வகுப்பில் அதை வாசித்ததும் பின்வரிசை சிரிக்கிறது, அப்புறம் பாடம் நடத்தினாற்போலத்தான். வேறு சொல் தாருங்கள். இதற்கு எதிரான 'ஸ்ட்ரக்சுரல் கிராக்'குக்குக் 'கட்டமைப்பு விரிசல்' என்று வைத்துவிட்டேன்.

நெடுஞ்செழியன் எழுதியது:

மயிர் வள்ளுவருக்கு ஆகும், பாலிடெக்னிக்குக்கு ஆகாதா? தலையின் இழிந்த மயிர் என்கிறார், மயிர் நீப்பின் வாழாக் கவரிமா என்கிறார். பையன்கள் சிரிக்கிறார்கள் என்று சொல்லைத் துரத்தினால் நாளைக்கு எத்தனை சொல் மிஞ்சும்?

எனக்கு உறுத்துவது 'விரிசல்'தான். விரிதல் என்றால் அகலுதல். அகலமே இல்லாத ஒன்றுக்கு எப்படி அது பொருந்தும்? 'கீறல்' என்பதே முறை. கீறு, கீற்று, தென்னங்கீற்று, நிலாக்கீற்று என்று எல்லாம் மெலிந்து நீண்டவை. 'சுவர்க்கீற்று' என்று வைத்துப் பாருங்கள்.

ரவி எழுதியது:

ஐயா, சுவர்க்கீற்று என்றால் கொத்தனார் கூரை வேய ஓலை கொண்டுவருவார். கீறல் என்பது பையன் ஆணியால் இழுப்பது, வெளியிலிருந்து வருவது. இது தானாகப் பிளப்பது.

சைட்டில் நாங்கள் சொல்வது 'ஏர் கிராக்'. ஹேரில் இருந்த 'ஹ' எப்போதோ உதிர்ந்துவிட்டது. காற்றுப் புகுந்ததால் வந்தது என்று நினைக்கும் வீட்டுக்காரர்களும் உண்டு. காற்றுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, தண்ணீர்தான் காரணம். பூச்சு காயும்போது சுருங்கப் பார்க்கும். பின்னால் இருக்கும் செங்கல் சுவர் பிடித்துக்கொண்டு விடாது. அந்த இழுபறியில் பூச்சு கிழிகிறது. உள்பக்கச் சுவருக்கு ஒன்றுக்கு ஆறு கலவை போதும். வலுவாக இருக்கட்டும் என்று ஒன்றுக்கு மூன்று போட்டால் சிமென்ட் கூடக்கூடச் சுருக்கமும் கூடும். எம்சாண்டில் தூள் அதிகம் இருந்தாலும், பளபளப்புக்காக மேலே வெறும் சிமென்ட் பால் தேய்த்தாலும் இதே கதைதான். ஏழு நாளாவது தண்ணீர் காட்ட வேண்டியதை இரண்டு நாளில் விட்டால் கேட்கவே வேண்டாம், சுவர் முழுக்க வலை பின்னியது மாதிரி ஆகிவிடும்.

நெடுஞ்செழியன் எழுதியது:

ஏர்! நீங்கள் கேலியாகச் சொன்னீர்கள், எனக்குத் தூக்கம் போய்விட்டது. ஏர் கீறினால் உண்டாவது சால். உழுத மண்ணை உலர விடுவதை வள்ளுவர் 'உணக்குதல்' என்கிறார், தொடிப் புழுதி கஃசாகும் வரை. உலர்ந்து சுருங்குவதுதானே இங்கும் நடக்கிறது? 'உணக்குவிரிசல்' என்றால் காரணமும் பெயருக்குள் வந்துவிடும்.

தர்ஷினி எழுதியது:

யாழ்ப்பாணத்தில் நாங்கள் 'வெடிப்பு' என்றுதான் சொல்லுவோம். சீமெந்துப் பூச்சு வெடிச்சுப்போச்சு என்றால் மேசனுக்கும் விளங்கும், அம்மாவுக்கும் விளங்கும். 'உணக்கு' என்றால் எனக்கே விளங்கவில்லை.

அமுதா எழுதியது:

இங்கே வெடிப்பு என்றதும் குதிகால்தான் நினைவுக்கு வருகிறது, தர்ஷினி. தயவுசெய்து எல்லாரும் வெள்ளிக்கிழமையை மறக்க வேண்டாம்.

மீனாட்சி எழுதியது:

நல்ல நேரத்தில் இந்தப் பேச்சு வந்தது. கோவில்பட்டி பக்கம் எங்கள் வீட்டிலும் ஹாலில் ஜன்னல் மூலையிலிருந்து ஒரு விரிசல். போன வருடம் பட்டி பார்த்து பெயின்ட் அடித்தோம், மறுபடி அதே இடத்தில் வந்துவிட்டது. எந்த பெயின்ட் நல்லது?

ரவி எழுதியது:

பெயின்டை விடுங்கள் மேடம். விரிசல் நேர்க்கோடா, படிப்படியா? வெளிப்பக்கமும் தெரிகிறதா? எந்த முனை அகலம்? வெயிலுக்கும் மழைக்கும் வித்தியாசம் உண்டா?

மீனாட்சி எழுதியது:

மாடிப்படி மாதிரி ஏறுகிறது, வெளியிலும் அப்படியே. மேலே அகலம், கீழே வரவர மெலிசு. சித்திரையில் ஐந்து ரூபாய் நாணயம் விளிம்போடு நுழைந்தது. ஐப்பசி மழைக்கு அப்புறம் தாள்கூடப் போகவில்லை. அந்த மூலையில் ஒரு வேப்பமரம் இருக்கிறது.

ரவி எழுதியது:

அமுதா மேடம், உங்கள் பாடநூலுக்கு வேண்டியதே இதுதான். மழைக்காலத்தில் வந்து பார்ப்பவர் 'ஏர் கிராக்தான், கவலைப்படாதீங்க' என்று சொல்லிவிட்டுப் போவார். ஆனால் பூச்சு ஒருமுறை சுருங்கினால் முடிந்தது, அது பருவத்துக்குப் பருவம் மூடித் திறக்காது. படிப்படியாக ஏறுகிறது என்றால் செங்கல் இணைப்பு வழியாகச் சுவரே பிளந்திருக்கிறது. அடியில் கரிசல். வெயிலில் மண் சுருங்குகிறது, வேம்பின் வேர் இருக்கிற ஈரத்தையும் உறிஞ்சுகிறது, வீட்டின் மூலை இறங்குகிறது. மூலை வெளிப்பக்கமாகச் சாய்வதால்தான் மேலே அகலம். மழை வந்தால் மண் உப்பி மூலையைத் தூக்கிவிடுகிறது.

ஆகவே என் ஆட்சேபம் சொல்லைப் பற்றியதே அல்ல, ஜோடியைப் பற்றியது. 'ஹேர்லைன்' அகலத்தைச் சொல்கிறது, 'ஸ்ட்ரக்சுரல்' பிளந்தது எது என்பதைச் சொல்கிறது. இரண்டும் எப்படி எதிர்ச்சொல்லாகும்? தூணில் கம்பி போகும் வழியே நெடுக ஒரு முடி அளவு கோடு, ஓரத்தில் துருக்கறை. அது மெல்லியதுதான், ஆனால் உள்ளே கம்பி துருப்பிடித்து உப்பிக் காங்கிரீட்டைத் தள்ளுகிறது. அதற்குப் பக்கத்திலேயே தூணும் செங்கல் சுவரும் சேரும் இடத்தில் ஒரு மில்லிமீட்டர் அகலத்துக்கு நேராக விரிசல் இருக்கும். அங்கே கோழிவலை வைக்காமல் பூசியிருப்பார்கள், வெயிலுக்கு இரண்டும் ஒரே அளவு நீளாததால் பிரிந்திருக்கும். பார்க்க அசிங்கம், பெரும்பாலும் ஆபத்தில்லை.

கணேசன் எழுதியது:

அகலத்திலாவது ஒருமைப்பாடு உண்டா? பிரிட்டிஷ் கட்டட ஆராய்ச்சி நிலையத்தின் பட்டியலில் 0.1 மி.மீ. வரைதான் ஹேர்லைன், ஏறக்குறைய நிஜமான முடியின் தடிமன். நம் தர நிறுவனத்தின் 1984 கையேட்டில் 1 மி.மீ.க்குக் குறைந்ததெல்லாம் 'மெல்லியது'. பத்து மடங்கு வித்தியாசம். 'இழை விரிசல்' என்று மயிரை மட்டும் கழற்றிவிடலாம். அதற்குமேல் நெடுஞ்செழியன் ஐயாவோடு மல்லுக்கட்ட எனக்குத் தெம்பில்லை.

அமுதா எழுதியது:

சரி. அகலத்துக்கு 'இழை விரிசல்'. 'கட்டமைப்பு விரிசல்' இருக்கட்டும், ஆனால் எதிர்ச்சொல்லாக அல்ல. அதற்கு ஜோடி 'பூச்சு விரிசல்'. பூச்சைக் கையகலம் கொத்தி எடுத்து, கோடு செங்கல்லிலும் தொடர்கிறதா என்று பார்க்கச் சொல்லி ஒரு பத்தி சேர்த்துவிட்டேன்.

நெடுஞ்செழியன் எழுதியது:

பெரும்பான்மைக்கு வணக்கம். 'விரிசல்' மீதான என் மறுப்பு நிலுவையில் இருக்கிறது என்று பதிவு செய்க. 'உணக்குவிரிசல்' அடிக்குறிப்பிலாவது வரலாம்.

மீனாட்சி எழுதியது:

அப்போ நாளைக்கே வேம்பை வெட்டச் சொல்லிவிடட்டுமா?

ரவி எழுதியது:

வெட்டாதீர்கள்! மரம் குடித்துக்கொண்டிருந்த ஈரமெல்லாம் மண்ணிலேயே தங்கினால் கரிசல் உப்பி அஸ்திவாரத்தை மேலே தள்ளும், அது இன்னொரு கேடு. மாடித் தண்ணீர்க் குழாய் அந்த மூலையில் கொட்டுகிறதா என்று முதலில் பாருங்கள். விரிசலின் இரண்டு முனையிலும் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதுங்கள். குறுக்கே ஒரு மெல்லிய கண்ணாடித் துண்டை இரண்டு பக்கமும் எபாக்சி வைத்து ஒட்டுங்கள், பட்டியின் மேல் அல்ல, பூச்சைக் கொத்திவிட்டுச் செங்கல்லின் மேல். சுவர் அசைந்தால் அது உடையும், அளவு சொல்லாது. அளவுக்கு இரண்டு பக்கமும் ஆணி அடித்து மாதம் ஒருமுறை இடைவெளியை எடுங்கள். ஒரு வெயிலும் ஒரு மழையும் போகட்டும், அந்தக் கணக்கோடு ஒரு பொறியாளரை நேரில் அழைத்துக் காட்டுங்கள். நடுவில் கதவு பிடிக்க ஆரம்பித்தாலோ, மழை முடிந்தும் விரிசல் மூடாமல் நின்றாலோ காத்திருக்க வேண்டாம்.